கடைசி நாளில் பழைய மேனேஜருக்கு எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக் காலணி ஆலைகளின் ஆபீஸில் ஆட்கள் சேருவதையும் விலகுவதையும் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, நோட்டீஸ் காலம் முடிந்து, கடைசி நாள் நெருங்கும்போது பலரும் என் மேசைக்கு வந்து இதே சில கேள்விகளைக் கேட்கிறார்கள். சிலர் அலைபேசியில் எழுதி வைத்த நாலு வரியைக் காட்டி "இது சரியா?" என்பார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தோல், காலணித் தொழிலை வைத்தே பேசுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். ஆஸ்பத்திரியிலோ காலேஜிலோ வேலை பார்ப்பவர்கள் தங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ரிசைன் லெட்டர்லயே "நன்றி"ன்னு போட்டுட்டேனே. மறுபடியும் எதுக்குத் தனியா எழுதணும்?

ராஜினாமா கடிதம் கம்பெனிக்குப் போவது. மேனேஜர் அதில் "பரிந்துரைக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டு எச்.ஆர். பிரிவான எங்களுக்கு அனுப்புவார், நாங்கள் ஃபைலில் போடுவோம். அதில் இருக்கும் நன்றி ஒரு சடங்கு. முப்பது பேர் கடிதத்தை அடுக்கி வைத்தால் அந்த வரி முப்பதிலும் ஒன்றாகவே இருக்கும். மேனேஜர் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை.

கடைசி நாளில் எழுதுவது அந்த மனிதருக்கு. நீங்கள் போனபிறகு அவர் கையில் இருக்கப்போவது அந்த ஒன்றுதான்.

இந்தப் பகுதியில் இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இந்த வட்டாரத்தில் பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று தோல் வேலை தெரிந்தவர்கள் இந்தக் கம்பெனிக்கும் அந்தக் கம்பெனிக்கும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்று நீங்கள் விட்டுப்போகும் மேனேஜர், இரண்டு வருடம் கழித்து, காலணி வாங்கும் பையர் சார்பில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு உங்கள் புதுக் கம்பெனிக்கே வந்து நிற்கலாம். புதுக் கம்பெனி உங்களைப் பற்றி விசாரிக்கக் கூப்பிடுவதும் பெரும்பாலும் அவரைத்தான். இதற்காக மட்டும் எழுதினால் கடிதத்தில் அது தெரிந்துவிடும், அது வேறு விஷயம்.

கடைசி நாள் எத்தனை மணிக்குக் கொடுக்கலாம்? காலையிலேயே கொடுத்துடலாமா?

பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கும் நோ டியூ ஃபாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டோர், கேன்டீன், அக்கவுன்ட்ஸ், ஐ.டி., செக்யூரிட்டி என்று சுற்றுவீர்கள் இல்லையா? அந்தச் சுற்றுதான் உங்கள் கடிகாரம்.

மேனேஜர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்ல மனதோடு எழுதியிருந்தாலும், கையெழுத்து வாங்குவதற்காகக் குழைவது போல ஆகிவிடும். அவர் கையெழுத்து விழுந்த பிறகு அவரிடமிருந்து உங்களுக்கு வரவேண்டியது எதுவும் இல்லை. அப்போது கொடுக்கும் நன்றிக்குத்தான் மதிப்பு.

மெயிலில் அனுப்புவதாக இருந்தால் ஐ.டி. கையெழுத்துக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள். எங்கள் பக்கம் பல இடங்களில் ஐ.டி. ஆள் ஃபாரத்தில் கையெழுத்துப் போடும்போதே உங்கள் மெயில் ஐ.டி.யை மூடிவிடுவார். "சாயங்காலம் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்" என்று தள்ளிப்போட்டு, நாலு மணிக்குப் பாஸ்வேர்ட் வேலை செய்யாமல் என்னிடம் ஓடி வந்தவர்கள் பலர். ஆகவே முந்தின ராத்திரியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கொடுக்கும் வேலை மட்டும்தான் மிச்சம்.

கன்டெய்னர் ஏற்றும் நாளாக இருந்தால் மத்தியானத்துக்கு மேல் மேனேஜரைப் பிடிக்கவே முடியாது. அன்று சாப்பாட்டு வேளைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

என்ன எழுதுறதுன்னே தெரியல. நாலு வரிக்கு மேல வரமாட்டேங்குது. நீங்களே ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்?

எழுதித் தர மாட்டேன். நான் எழுதினால் அது என் கடிதமாகிவிடும். ஆனால் எப்படி எழுதுவது என்பதை ஒரு பையன் கடிதத்தை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

குடியாத்தம் பக்கத்துப் பையன். கட்டிங் செக்‌ஷனில் ஆறு வருடம் வேலை பார்த்து சூபர்வைசர் ஆனவன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அவன் முதலில் கொண்டுவந்தது இது:

"மதிப்பிற்குரிய ஐயா, இந்நிறுவனத்தில் பணியாற்றக் கிடைத்த வாய்ப்பிற்கு மிக்க நன்றி. தங்களின் மேலான வழிகாட்டுதலும் ஒத்துழைப்பும் என் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவின. தாங்களும் நிறுவனமும் மென்மேலும் வளர வாழ்த்துகிறேன்."

தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் மேலே இருக்கும் பெயரை மாற்றினால் ஊரில் எந்த மேனேஜருக்கும் இதை அனுப்பலாம். அதுதான் இதில் இருக்கும் ஒரே கோளாறு.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு நாளைச் சொல்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். தோல் வீணாகக்கூடாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே இருந்ததால், இவன் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, வேம்ப்பைத் தோலின் வயிற்றுப் பக்கத்தில் வெட்டிவிட்டான். ஷூவின் முன்பக்கம், விரல்களுக்கு மேலே வரும் பாகம்தான் வேம்ப். தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கு வரும். அதனால் வேம்ப்பை முதுகுப் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும், அதுவும் தோல் குறைவாக நீளும் திசை விரலிலிருந்து குதிகால் நோக்கி வருகிற மாதிரி. வயிற்றுப் பக்கம் நாக்குக்கும் உள்பாகங்களுக்கும் போதும். வெட்டும்போது இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரியாது. லாஸ்டிங்கில் அச்சின் மேல் மாட்டி இழுக்கும்போதுதான் தெரியும். ஒரு கால் ஒரு மாதிரி, மறு கால் வேறு மாதிரி தொளதொளவென்று வரும். நாற்பது ஜோடி அப்படிப் போயிற்று.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து நின்றிருக்கிறான். மேனேஜர் வந்து ஒரு தோலை எடுத்து அவன் கையில் கொடுத்து, நீளவாக்கில் இழு, இப்போது குறுக்கில் இழு என்றாராம். "இழுத்துப் பாத்துட்டு அப்புறம் டை வை." டை என்பது தோலை வெட்டும் அச்சுக் கத்தி. அவ்வளவுதான். அன்று மாலை மீட்டிங்கில் மேலே இருப்பவர்கள் கேட்டபோது "எங்க செக்‌ஷன் தப்பு" என்று மட்டும் சொன்னாராம், இவன் பெயரைச் சொல்லவில்லை. இது இவனுக்கு வெகுநாள் கழித்து வேறொருவர் மூலமாகத்தான் தெரிந்திருக்கிறது.

"இதை அவர்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கியா?" என்றேன். இல்லை என்றான். அதுதான் கடிதம் என்றேன்.

மறுநாள் அவன் எழுதிக்கொண்டு வந்தது:

"சார்,
இன்று எனக்குக் கடைசி நாள். நேரில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.
நான் சேர்ந்த மூன்றாம் மாதம் வேம்ப்பை வயிற்றுப் பக்கத்தில் வெட்டி நாற்பது ஜோடியைக் கெடுத்தேன். நீங்கள் திட்டவில்லை. தோலை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னீர்கள். அன்றைக்கு மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அப்போதே வந்து சொல்லியிருக்க வேண்டும்.
இப்போது யார் புதிதாக வந்தாலும் நானும் முதல் நாள் தோலைத்தான் கையில் கொடுக்கிறேன்.
நடக்கிற லாட் கணக்கு நோட்டும் டை ரேக் சாவியும் சீனியர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு வாரம் வரைக்கும் எந்தச் சந்தேகம் என்றாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.
முழங்கால் வலிக்கு டாக்டரைப் பாருங்கள் சார்."

இதில் நான் ஒரு வார்த்தையும் தொடவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது சில உண்டு. "வழிகாட்டுதல்" என்ற சொல்லே இதில் இல்லை, ஆனால் அவர் எப்படி வழிகாட்டினார் என்பது முழுசாக இருக்கிறது. நடந்தது ஒன்றே ஒன்றுதான், ஆறு வருடக் கதை இல்லை. இரண்டு மூன்று சம்பவங்களை அடுக்கினால் ஒன்றின் கனத்தை இன்னொன்று குறைத்துவிடும். அவர் சொல்லிக்கொடுத்தது இன்றும் இவன் கையில் இருக்கிறது என்று ஒரு வரி வருகிறது. சொல்லிக்கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய நன்றி கிடையாது என்று நான் நினைக்கிறேன். பிறகு வேலையை யாரிடம் விட்டிருக்கிறான் என்பது ஒரே வரியில். கடைசியில் முழங்கால். அவர் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறுவதை ஆறு வருடமாகப் பார்த்தவனுக்குத்தான் அந்த வரி வரும்.

"இரண்டு வாரம், எட்டு மணிக்கு மேல்" என்று எல்லை வைத்ததும் நல்லது. "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று எழுதிவிட்டு, புது வேலையில் லைன் ஓடும்போது அலைபேசி அடித்தால் எடுக்கவும் முடியாது, எடுக்காமல் இருக்கவும் மனசு வராது.

உங்களுக்கு ஒரு நாளும் நினைவுக்கு வராவிட்டால், முதல் வாரத்தையும் நீங்கள் செய்த பெரிய தப்பையும் வீட்டில் கஷ்டம் வந்து லீவு கேட்ட நாளையும் யோசித்துப் பாருங்கள். இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் அவர் இருப்பார்.

மெயில்ல அனுப்பவா, வாட்ஸ்அப்பா, இல்ல பேப்பர்ல எழுதிக் கொடுக்கவா?

மேலே சொன்ன பையன் மெயிலில்தான் அனுப்பப் பார்த்தான். நான் வேண்டாம் என்றேன். காரணம் அந்த மீட்டிங் வரி. ஒரு தொழிலாளியைக் காப்பாற்றுவதற்காக மேனேஜர் மேலதிகாரியிடம் பெயரைச் சொல்லாமல் விட்டார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் கம்பெனி மெயில் கம்பெனியின் சொத்து. வேறு யாராவது படித்தால் அதே வரி, "அப்போ யார் பண்ணினதுன்னு தெரிஞ்சே மறைச்சாரா?" என்ற கேள்வியாக மாறும். நன்றி சொல்லப்போய் அவரை மாட்டிவிட்டதாகிவிடும்.

ஆகவே எழுதி முடித்ததும் ஒருமுறை இப்படிப் படித்துப் பாருங்கள்: இதை இவருடைய மேலதிகாரி படித்தால் இவருக்கு ஏதாவது தொந்தரவு வருமா? பெர்மிஷன் இல்லாமல் சீக்கிரம் அனுப்பியது, ஓவர்டைம் விஷயத்தில் விட்டுக்கொடுத்தது, அட்வான்ஸ் வாங்கித் தந்தது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அப்படி ஏதாவது இருந்தால் பேப்பரில் எழுதி, மடித்து, கையில் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் என்றால் அவருடைய சொந்த எண்ணுக்கு. கம்பெனி கொடுத்த எண்ணாக இருந்தால் அது நாளை வேறொருவர் கைக்குப் போகும்.

அப்படி எதுவும் இல்லை, வேலையைப் பற்றித்தான் இருக்கிறது என்றால் மெயிலே போதும். அவருக்கு மட்டும் அனுப்புங்கள். Cc-யில் எங்களையோ ப்ளான்ட் ஹெட்டையோ போட்டால் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு மற்றவர்களிடம் காட்டுவதாகிவிடும்.

என்னைக் கேட்டால் பேப்பர்தான். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஆலையில் ரிட்டையர் ஆன ஒரு மேனேஜர் மேசையைக் காலி செய்தபோது டிராயரில் இருந்து அவர் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டது அப்படி வந்த மூன்று நான்கு தாள்கள். மற்றதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டார்.

தமிழ்ல எழுதினா மரியாதையா இருக்குமா? ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்லதானே போகுது?

அவரிடம் எந்த மொழியில் பேசினீர்களோ அதிலேயே எழுதுங்கள். ஆறு வருடம் தமிழில் பேசிவிட்டு, கடைசி நாளில் திடீரென்று இங்கிலீஷில் கடிதம் வந்தால் அவருக்கு யாரோ எழுதின மாதிரிதான் இருக்கும். "சார்" என்று கூப்பிட்டிருந்தால் "சார்" என்றே ஆரம்பியுங்கள். "அண்ணா" என்றோ "பாய்" என்றோ கூப்பிட்டவர்கள் அப்படியே எழுதலாம். "மதிப்பிற்குரிய ஐயா" இந்தக் கடிதத்துக்கு வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் வீட்டில் உருது பேசும் பலர் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்கள், ஆனால் சிலர் தமிழ் எழுத்துப் படித்ததில்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே தமிழ் பழகிய டெக்னீஷியன்களும் அப்படித்தான். அவர்களுக்கு நீங்கள் தமிழில் எழுதினால், அதைப் படித்துக் காட்ட இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்க வேண்டியது மூன்றாம் ஆள் காதுக்குப் போகும். அப்போது ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம். அல்லது உங்களுக்கு வரும் அளவில் எளிய இங்கிலீஷில் நாலு வரி. இலக்கணம் தப்பினால் பரவாயில்லை, அந்த ஒரு நாள் மட்டும் அதில் இருக்க வேண்டும்.

எந்தக் கம்பெனிக்குப் போறேன், எவ்வளவு சம்பளம்னு சொல்லணுமா? மறைச்ச மாதிரி இருக்காதா?

சம்பளத்தை எழுதவே எழுதாதீர்கள். அவருக்கே அந்த அளவு சம்பளம் இல்லாமல் இருக்கலாம்.

கம்பெனி பெயரை நேரில் கேட்டால் சொல்லிவிடுங்கள், இந்த வட்டாரத்தில் ஒரு வாரத்தில் எப்படியும் தெரிந்துவிடும். கடிதத்தில் எழுதத் தேவையில்லை. அதே பையருக்கு வேலை செய்கிற கம்பெனிக்குப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். "அங்கே போனாலும் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடிதான் கட்டிங் செய்வேன்" என்று பாசத்தில் எழுதியது, இங்குள்ள ரகசியத்தை அங்கே கொண்டு போவதாக வேறொருவருக்குத் தோன்றலாம். தோலை இழுத்துப் பார்ப்பது ஊரறிந்த தொழில், அதை எழுதலாம். பேட்டர்ன், விலை, பையர் சொன்னது, இவை எதையும் கடிதத்தில் தொடாதீர்கள்.

பேப்பர் போட்டதிலிருந்து அவர் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதே இல்ல. இருக்கச் சொல்லி சம்பளம் ஏத்தித் தரேன்னாரு, நான் ஒத்துக்கல. இப்ப போய் எழுதினா என்ன நினைப்பாரு?

இது எனக்கே நடந்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

என் முதல் வேலை ஒரு சின்ன ஆலையில். விலகுகிறேன் என்றதும் என் மேனேஜர் மேலே போய்ப் பேசி எனக்காக ஒரு தொகையை ஏற்றி வாங்கி வந்தார். நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு முப்பது நாளும் வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஏன் போகிறேன், வீட்டில் என்ன கஷ்டம், உங்கள் மனதை நோகடித்ததற்கு மன்னிக்கவும் என்று முழுக்க முழுக்க விளக்கம். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்ப என் மேலதான் தப்புங்கிறியா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் திரும்பப் படித்தபோது புரிந்தது. அத்தனை காரணத்தை ஒருவர் அடுக்கினால், எதிரில் இருப்பவர் தன்மேல் குற்றப்பத்திரிகை வாசிப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

கோபமாக இருக்கும் மேனேஜருக்கு எழுதும்போது, போவதற்கான காரணம் ஒரு வரிகூட வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். நோட்டீஸ் கொடுத்து, வேலையை ஒப்படைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவது தப்பு இல்லை, அதற்கு மன்னிப்புக் கேட்டால் தப்பு செய்தவர் ஆகிவிடுவீர்கள். ஆனால் அவர் உங்களுக்காக மேலே போய்ப் பேசினாரே, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவர் மனசில் முள்ளாக இருப்பது அதுதான். மேலிடத்தில் வாதாடி வாங்கி வந்து, உங்களால் அங்கே அவர் வார்த்தை கீழே விழுந்துவிட்டது. நான் இன்று எழுதினால் இவ்வளவுதான் எழுதுவேன்:

"சார், எனக்காக நீங்கள் மேலே போய்ப் பேசினீர்கள். ஒத்துக்கொள்ள முடியாமல் போனாலும் அதை நான் மறக்க மாட்டேன். போன வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் என்னை முன்னால் நிறுத்திப் பேசவைத்தது நீங்கள்தான். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் போனது. நன்றி சார்."

கொடுத்துவிட்டு அங்கேயே நிற்காதீர்கள். உங்கள் முன்னால் அவர் அதைப் படிக்க வேண்டாம். கோபத்திலிருந்து இறங்கி வருவதற்கு அவருக்கும் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டும்.

அவர் எனக்கு நல்லதே பண்ணலியே. தினமும் எல்லார் முன்னாடியும் திட்டுவாரு. அவருக்கும் எழுதணுமா?

கட்டாயம் இல்லை. எழுதாமல் போவதும் மரியாதைதான். வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால் உண்மையான ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒரு பெண் இப்படி எழுதினார்: "சார், ஸ்டிட்சிங்கில் ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் உங்களால்தான் வந்தது. நன்றி. வருகிறேன்." அவர் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்ததுதான் அது. ஆனாலும் எழுதியது பொய் இல்லை, குத்தலும் இல்லை. "உங்களிடம் பொறுமையைக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதாதீர்கள். அது குத்துகிறது என்று அவருக்கும் தெரியும், படிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

மனக்குறையை இந்தக் கடிதத்தில் கொட்ட வேண்டாம். அதற்கு எக்ஸிட் இன்டர்வியூ இருக்கிறது, எங்களிடம் எழுத்தில் கொடுக்கலாம். தொந்தரவு பாலியல் ரீதியானது என்றால் அது மனக்குறை இல்லை, புகார். ஆலையின் உள்புகார்க் குழுவிடம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். அப்படிப்பட்டவருக்கு நல்லெண்ணக் கடிதம் எழுதவே எழுதாதீர்கள். பின்னால் விசாரணையில் அந்தத் தாளையே உங்களுக்கு எதிராக நீட்டுவார்கள்.

ரிலீவிங் லெட்டர், பி.எஃப்., செட்டில்மென்ட் எல்லாம் பாக்கி இருக்கு. அதையும் இதுலயே ஞாபகப்படுத்தலாமா?

வேண்டாம். பாக்கி கேட்கும் கடிதத்தில் நன்றி எடுபடாது. அவற்றைத் தனி மெயிலாக எங்களுக்கு எழுதுங்கள், உங்கள் சொந்த மெயில் ஐ.டி.யையும் அதில் கொடுங்கள். ஐந்து வருடம் முடிந்திருந்தால் கிராஜுவிட்டியையும் அதிலேயே கேளுங்கள். பி.எஃப். கணக்கில் கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து யூ.ஏ.என். தளத்தில் Mark Exit என்ற இடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். இதற்காக மேனேஜரை நடுவில் இழுக்க வேண்டியதில்லை.

"என்னைப் பற்றிக் கேட்டால் நல்லபடியாகச் சொல்லுங்கள்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். தேவை வரும்போது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் சேர்த்து ஒரு குட்பை மெயில் போடறேன். அதுல அவர் பேரைக் குறிப்பிட்டா போதாதா?

போதாது. நாற்பது பேர் பெயருக்கு நடுவில் அவர் பெயரைத் தேட வைக்காதீர்கள். பொது மெயிலில் எல்லோருக்கும் பொதுவாக நன்றி சொல்லுங்கள், அவருக்குத் தனியாகக் கொடுங்கள். முதலில் அவருக்கு, அப்புறம் பொது மெயில்.

பிரியாணி போடறோம், கூட ஏதாவது கிஃப்ட் வாங்கிக் கொடுத்தா நல்லா இருக்குமா?

செக்‌ஷனுக்கே பிரியாணி போடுவது இங்கே வழக்கம், நல்ல வழக்கம். மேனேஜருக்கு மட்டும் தனியாக விலையுள்ள பரிசு வேண்டாம், அவருக்குத்தான் சங்கடம். ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா போதும், அதையும் அவர் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிடுவார். கடிதத்தை டப்பாவுக்குள் வைக்காதீர்கள், ஜீராவில் நனைந்துவிடும்.

கடைசி நாள் அலைச்சல்ல கொடுக்கவே முடியல. ஒரு மாசம் ஆகிடுச்சு. இனி அனுப்பலாமா?

தாராளமாக. "கடைசி நாளன்றே கொடுத்திருக்க வேண்டும், முடியவில்லை" என்று ஒரு வரியோடு ஆரம்பியுங்கள், அதற்கு மேல் சமாதானம் வேண்டாம். சொல்லப்போனால் ஒரு மாதம் கழித்து எழுதுவதில் ஒரு வசதி உண்டு. புது இடத்தில் அவர் சொல்லிக்கொடுத்தது எப்போது கைகொடுத்தது என்று எழுதலாம். அது கடைசி நாளில் எழுத முடியாத வரி.

கொடுத்துட்டேன். அவர் ஒண்ணுமே சொல்லல, மெசேஜும் போடல. படிச்சாரா இல்லையான்னு கேட்கலாமா?

கேட்காதீர்கள். இந்தத் தலைமுறை மேனேஜர்கள் பலருக்குத் தங்களிடம் வேலை பார்த்தவர் நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்றே தெரியாது. பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ ஒரு வாழ்த்து அனுப்புங்கள், கடிதத்தைப் பற்றி அதில் பேசாதீர்கள்.

அந்தக் கட்டிங் பையனுக்கும் பதில் வரவில்லை. இரண்டு வாரக் கெடுவும் முடிந்து, மூன்றாவது வாரம் ராத்திரி எட்டரைக்கு மேனேஜர் கூப்பிட்டாராம். டை ரேக்கில் ஒரு சைஸ் டை காணவில்லை, எங்கே வைப்பாய் என்று கேட்டார். இவன் மேல் தட்டில் துணிக்குப் பின்னால் என்றான். இருக்கிறது, கிடைத்துவிட்டது என்றார். வைப்பதற்கு முன்னால், "டாக்டர்கிட்ட போனேன்டா, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கார்" என்றாராம்.